இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போட்ட போன்

எங்கள் வீட்டு இணைய இணைப்பு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் அறுந்துபோகும். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். என் மேலதிகாரி நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் அவர் என் வாராந்திர வேலையைச் சரிபார்ப்பார்.

நான் அப்போது பெங்களூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். சித்தூரில் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் பெங்களூரிலும் மிச்சப்பேர் குவைத்திலும் இருந்தார்கள். நைனா, என் அப்பா, பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போட்டு அழைத்து வந்தோம். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. அவரைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா ஒல்லி. அண்ணன் தம்பி கிடையாது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டேன். அந்தக் கம்பெனியில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேலதிகாரி யோசித்து, பரீட்சார்த்தமாகச் சரி என்றார். ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இணையம் வழியாகப் பேசி, என் திரையை அவருக்குக் காட்ட வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை பேச ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம் அறுந்தது. மோடத்தில் நிலையாக எரியவேண்டிய லைன் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் வந்தது. ஆறு நிமிஷம் இருந்தது. மறுபடி போயிற்று. செல்போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான்; அதை வைத்துத் திரையைக் காட்ட முடியாது. இரண்டாவது வெள்ளியும் அப்படியே. மற்ற நாட்களில், செவ்வாய் மதியம் கொஞ்சம் தடங்கல் தவிர, இணைப்பு ஒழுங்காக இருந்தது. அதுதான் எனக்கு எதிரான சாட்சி. அவர் திட்டவில்லை. நான் பேசும் நேரத்தில் மட்டும் எப்படி அறுகிறது என்று சாதாரணக் குரலில் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இணைப்புக் கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டால் முதலில் பாட்டு வரும். பத்து, பதினைந்து நிமிஷம் பாட்டு. பிறகு ஹைதராபாத்திலிருந்து யாராவது தெலுங்கில் பேசுவார்கள். மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். போடுவேன். இப்போது விளக்கு எரிகிறதா மேடம் என்பார்கள். எரியும். அங்கிருந்தே லைனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, லைன் நன்றாக இருக்கிறது என்பார்கள். உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கும். புகார் முடிந்தது என்று செல்போனுக்குச் செய்தி வரும். மறுநாள் லைன்மேன் வருவார். அவர் வரும்போதும் நன்றாக இருக்கும். டீ மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஊருக்குப் போகும்போது எடுத்து வைக்கவேண்டியவை, பரீட்சைக்கு முந்தின நாள் பார்க்கவேண்டியவை, எல்லாவற்றுக்கும் பட்டியல். ஆகவே இரண்டாவது வாரம் நான்கு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு கூப்பிட்டேன். எத்தனை தடவை அறுந்தது, எனக்கு எவ்வளவு நஷ்டம், முன்பு பேசியவர் என்ன சொன்னார், லைன்மேன் எத்தனை மணிக்கு வந்தார், கம்பத்தில் கம்பி தொங்குவது, எல்லாம். அந்தப் பக்கம் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் மூன்று கேள்வி கேட்டாள். அறுந்தபோது போனது லைன் விளக்கா, இணைய விளக்கா? ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா? அந்த நேரத்தில் மோடத்தின் நிலைப் பக்கத்தில் நாய்ஸ் மார்ஜின் எவ்வளவு?

முதல் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது.

நாய்ஸ் மார்ஜின் என்பது லைனில் உள்ள இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கான எண். அது இறங்கினால் மோடம் தடுமாறும். மிகவும் இறங்கினால் தொடர்பு விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து பிடிக்கும். மோடத்தை உலாவியில் திறந்தால் அந்த எண் தெரியும். இணையம் போனாலும் தெரியும், ஏனென்றால் மோடத்துக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒயர் அறுவதில்லை. இதெல்லாம் எனக்குக் கல்லூரியிலேயே தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அறுந்த உடனே நான் செய்தது என்ன? மோடத்தை அணைத்துப் போட்டேன். அணைத்தால் பிழைக் கணக்கு எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டு வாரத்துச் சாட்சியை என் கையாலேயே அழித்திருந்தேன். மென்பொருளில் ஒரு பிழை வந்தால் முதலில் எதையும் தொடாமல் குறித்துக்கொள் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

மூன்றாவது வெள்ளி ஒழுங்காக இருந்தேன். நைனாவின் கட்டில் ஹாலில், மோடத்துக்கு எதிரில்தான். அவருக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. அவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, விளக்கு சிமிட்டினால் நேரத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதைத் தேர்தல் முடிவு மாதிரி அறிவித்தார். "பத்து முப்பத்தாறு, பூட்ச்சி. பத்து முப்பத்தெட்டு, வந்துட்ச்சி." நான் ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்த்து எழுதினேன். சாதாரணமாக பதினான்கு. அறுவதற்கு முன் மூன்று, இரண்டு. லைனின் நீளத்தால் வரும் இழப்பைக் காட்டும் எண் மட்டும் அசையவில்லை. அப்படியானால் கம்பி துண்டாகவில்லை. எங்கிருந்தோ இரைச்சல் ஏறுகிறது.

பதினொரு மணிக்கு மேலதிகாரியோடு பேச ஆரம்பித்து, நான்கு தடவை அறுந்து, கடைசியில் செல்போனில் பேசினோம். அடுத்த வெள்ளியும் இப்படியென்றால் திங்கட்கிழமை பெங்களூர் வந்துவிடு, வேறு வழியில்லை என்றார். நைனா கட்டிலில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திங்கட்கிழமை என்பது மட்டும் புரிந்துவிட்டது.

அப்போதே புகார் எண்ணைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மணி பதினொன்று இருபது, லைன் அறுந்துகொண்டே இருந்தது. நான் கூப்பிடவில்லை. பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு இராகு காலம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எந்தக் காரியத்தையும் தொடங்கமாட்டோம். விண்ணப்பம் எழுதமாட்டோம், புதுச் சட்டை போடமாட்டோம். அதில் புகார் கொடுத்தால் அந்தப் புகார் தீராது என்பது அம்மாவின் கட்சி. அம்மா அந்த நேரத்தில் வீட்டிலேயே இல்லை. நான் என்ஜினியரிங் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறேனா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கல்லூரி விண்ணப்பத்திலிருந்து எல்லாவற்றையும் அப்படியே செய்து வளர்ந்த கை அது. போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு பக்கத்தைக் கிழித்துப்போட்டு ஒரே தாளில் எழுதினேன். என் நஷ்டம், என் கோபம், முன்பு பேசியவர்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முதலில் எங்களுடைய இணைப்பு எண், மோடத்தின் மாடல். பிறகு எந்த விளக்கு போகிறது. பிறகு அறுந்துகொண்டிருக்கும்போதே செய்து பார்த்தவை: என் லேப்டாப், பழைய டெஸ்க்டாப், இரண்டையும் தனித்தனியாக ஒயரில் மாட்டிப் பார்த்தது, இரண்டிலும் ஒரே மாதிரி. போனையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைக் கழற்றி, உள் அறையில் இருந்த இன்னொரு போனையும் பிடுங்கிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் பெட்டியிலேயே மோடத்தை மாட்டிப் பார்த்தது, அதே மாதிரி. எதிர்வீட்டு மோடத்தை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிப் பார்த்தது; அதே மாதிரி. அதற்குக் கீழே நேரப் பட்டியல். முதல் இரண்டு வாரத்துக்கு நினைவில் இருந்த நேரம் மட்டும். மூன்றாவது வாரத்துக்கு எண்களோடு. கடைசிப் பத்தியில், நான் புகார் கொடுத்த நேரங்கள்.

போனில் தடுமாறக்கூடாது என்று சத்தமாகப் படித்துப் பழகினேன். அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செவ்வாய் மூன்று ஐந்திலிருந்து நாலரை, வெள்ளி பத்து முப்பத்தாறிலிருந்து பன்னிரண்டு என்று படித்தேன்.

"அது இராகு காலம்டி," என்றாள் அம்மா, கீரையைப் பார்த்துக்கொண்டே. "நான் கோயில்ல கீறன்ல, அந்த நேரம்."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்த நேரங்கள் முழுவதும் இராகு காலத்துக்குள். புகார் கொடுத்த நேரங்கள் முழுவதும் அது முடிந்து பத்து நிமிஷத்துக்குள். பன்னிரண்டு பத்து. நாலு நாற்பது. பன்னிரண்டு ஐந்து. ஒவ்வொரு தடவையும் நோய் போன பிறகு வைத்தியரிடம் நாடியைக் கொடுத்திருக்கிறேன். லைன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள்மேல் மூன்று வாரமாக வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், அம்மாமேல் வைத்தேன். நீதான் அந்த நேரத்தில் போன் செய்ய விடமாட்டாய் என்றேன். நான் ஊட்ல கூட இல்ல, நான் எங்க உன் கையப் புடிச்சேன் என்றாள்.

கோயில் என்பது எங்கள் தெரு திரும்பும் இடத்தில், நான்கு வீடு தள்ளி இருக்கும் சிறிய துர்க்கையம்மன் கோயில். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு இராகு காலத்தில்தான் பூஜை; பெண்கள் எலுமிச்சம்பழ மூடியில் விளக்கேற்றுவார்கள். பூசாரி வேறு ஊரிலிருந்து வந்து திறந்து, முடித்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். சீரியல் விளக்கு. தெருவில் ஒருவர் குவைத்திலிருந்து வந்தபோது கொடுத்தது. கலர் கலராக ஓடும், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு பெட்டி, கோயிலைத் திறந்ததும் பூசாரிதான் போடுவார், பூட்டும்போது அணைப்பார். எப்போது மாட்டினார்கள் என்றால், நைனாவைப் புத்தூருக்குக் கூட்டிப்போன அந்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்வதில்லை என்பதால் பட்டியலில் ஞாயிறே இல்லை. நான் நினைப்பது சரியென்றால் ஞாயிறு நாலரைக்கும் எண் இறங்க வேண்டும். அன்று நாலு இருபத்தைந்துக்கு நானும் நைனாவும் மோடத்தின் முன்னால் உட்கார்ந்தோம். ஜன்னலிலிருந்து கோயில் தெரியும். நாலு முப்பத்து மூன்றுக்கு பச்சையும் சிவப்பும் ஓட ஆரம்பித்தன. பதினான்கு, ஒன்பது, நான்கு. "பூட்ச்சி," என்றார் நைனா, திருப்தியாக.

ஆனால் இதை எப்படிப் புகாராகச் சொல்வது? அம்மன் விளக்கு போட்டால் எனக்கு இணையம் வருவதில்லை என்று சொன்னால் ஹைதராபாத்தில் இருக்கும் பெண் போனை வைத்துவிடுவாள். தெருவில் சொன்னால் அதைவிட மோசம். அம்மாவுக்கு அதுதான் பயம். வெளியே ஒரு வார்த்தை விடக்கூடாது என்றாள். தாளில் அம்மன் பெயரை எழுதவில்லை. "நான்கு வீடு தள்ளி உள்ள மின் அலங்கார விளக்கு எரியும்போது மார்ஜின் பதினான்கிலிருந்து மூன்று, அணைத்தால் மறுபடி பதினான்கு" என்று எழுத நினைத்தேன். பின்பாதி எழுத முடியவில்லை. அணைத்துப் பார்க்கவில்லையே.

அதோடு முக்கியமான சிக்கல். செவ்வாய் மூன்று மணிக்கு மேல், விளக்கு எரியும்போது நான் பேசிக்கொண்டிருந்தால்தான் அவர்கள் சோதனையில் அது தெரியும். திங்கள் ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். வேறு வழியில்லை, இந்த ஒரு தடவை இராகு காலத்தில் கூப்பிடப்போகிறேன் என்றேன். அம்மா நைனாவின் கட்டைப் பார்த்தாள். அவரைத் தனியாகத் திருப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் மனம் ஒப்பவும் ஒரு வழி வேண்டும். என்னிடம் கேட்டாள்.

"போன் போட்டா எவ்ளோ நேரம் பாட்டு வரும்?"

"பத்து, பதினஞ்சு நிமிஷம்."

"மூணு அடிக்கறதுக்கு முன்னாடி போட்டுடு. தொடங்கனது நல்ல நேரம். அப்பறம் அவன் எப்ப பேசனா நமக்கின்னா?"

நைனா சிரித்ததில் தொடை வலித்து முனகினார்.

செவ்வாய் இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாட்டு நீளமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று நான்குக்கு விளக்கு ஓட ஆரம்பித்தது. மூன்று எட்டுக்கு ஒரு ஆண் குரல் வந்தது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். அணைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தாளைத் தெலுங்கில் படித்தேன். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்ததும், தயவுசெய்து இப்போதே, இந்த நிமிஷமே லைனைச் சோதியுங்கள் என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. மார்ஜின் மூன்று காட்டுகிறது மேடம் என்றார். எனக்கும் மூன்று காட்டியது. மூன்று வாரத்தில் நானும் அவர்களும் ஒரே எண்ணைப் பார்த்தது அப்போதுதான்.

போனை வைக்காதீர்கள் என்றேன். ஜன்னலில் பார்த்தேன். கோயிலில் இருந்த அம்மா, மூன்று பதினைந்துக்கு விளக்கைக் கொஞ்ச நேரம் அணைக்கவைக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். மூன்று பதினாறுக்கு விளக்கு அணைந்தது. பெட்டி சுடுகிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று பூசாரியிடம் சொன்னதாகப் பிறகு சொன்னாள். தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே சுட்டதாம். பதினான்கு. அந்தப் பக்கம் அவரும் பதினான்கு என்றார். ஐந்து நிமிஷம் கழித்து விளக்கு மறுபடி ஓடியது. நான்கு. அவர் மூன்று எண்களையும் எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். லைன்மேன் வெள்ளி பத்தரைக்கு மேல் மட்டும் வரவேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

புதன் காலை லைன்மேன் போன் செய்தார். பலமனேர் பக்கத்து ஆள், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். இப்போதே வருகிறேன் என்றார். வேண்டாம், வெள்ளி பத்தரைக்கு மேல் என்றேன்.

"ராவு காலம்ல கம்பம் ஏறமாட்டேன்மா. ஊட்ல ரெண்டு பசங்க கீறாங்க."

இவ்வளவு தூரம் வந்து இங்கே நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவரிடம் தெலுங்கில் பேசினாள். பத்தேகாலுக்கு ஏணியை வைத்து ஏறிவிட்டால் அது நல்ல நேரத்தில் ஏறினதுதான், பிறகு எப்போது இறங்கினாலும் குற்றமில்லை என்று விளக்கினாள். எந்த அதிகாரியும் எனக்கு இவ்வளவு தெளிவாக விதியைச் சொன்னதில்லை. அவர் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து பதினேழுக்கு ஏறினார். எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி கோயில் முனைக் கம்பத்தின் வழியாக வருகிறது. அங்கே எப்போதோ இரண்டு துண்டுகளை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தார்கள். டேப் பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. சீரியல் விளக்கின் ஒயரை அந்த ஒட்டின் மேலேயே சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் விளக்கு இருந்தும் ஒன்றும் ஆகியிருக்காது, விளக்கு இல்லாவிட்டால் இந்த ஒட்டு இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருக்கும் என்று கம்பத்திலிருந்தே சொன்னார். அம்மன் விளக்கைத் தொடமாட்டேன், உங்க கம்பியை மாத்திடறேன் என்றார். ஒட்டில்லாத புதுக் கம்பியை விளக்கின் ஒயர் தொடாமல் கம்பத்தின் எதிர்ப்பக்கமாக இழுத்தார். பத்து முப்பத்து மூன்றுக்கு விளக்கு ஓட ஆரம்பித்தது. அவர் இறங்கும்போது பத்து ஐம்பது. நைனா எண்ணைப் படித்தார். பதினாறு. அதுவரை வீட்டில் யாரும் பார்க்காத எண்.

பதினொரு மணிக்கு மேலதிகாரி திரையில் வந்தார். நாற்பது நிமிஷம் பேசினோம். அறுந்துபோகவில்லை. கடைசியில் அவர் இன்றைக்கு ஏதோ வேறு கனெக்‌ஷனா என்று கேட்டார். அதே கனெக்‌ஷன்தான், கம்பியில் ஒட்டு என்றேன். அதை முதல் வாரமே சரி செய்திருக்கலாமே என்றார். திங்கட்கிழமை வரவேண்டாம், அப்பாவின் கட்டு பிரிக்கும்வரை இப்படியே போகட்டும் என்றும் சொன்னார். ஜன்னலில் விளக்கு பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. நைனா கட்டிலில் எழுந்து உட்கார முயற்சி செய்ய, நான் போய்ப் பிடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் செல்போனுக்குச் செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. காரணம்: மோடம் அணைத்துப் போடப்பட்டது.

அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அணைக்கமாட்டேன் என்று நான் சொன்னதை அந்த ஆள் கேட்டார். லைன்மேன் கம்பியை மாற்றினார். இருந்தும் அவர்கள் கணக்கில் இதுதான் இருக்கும். இன்னொரு தடவை அறுந்தால் இதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். திருத்தச் சொல்ல அப்போதே எண்ணை அழுத்தினேன். பாட்டு வந்தது. இருபது நிமிஷம் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தாளின் அடியில் இடம் இருந்தது. ஒட்டு இருந்த கம்பம், புதுக் கம்பி வரும் வழி, மாற்றிய நேரம், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள், புகார் எண், எல்லாவற்றையும் அங்கே எழுதி, மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அடுத்த தடவை அறுந்தால் அந்தத் தாளை நைனாவே படித்துக்காட்டலாம். அவர் தெலுங்கு என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.